டைரக்டரியில் இல்லாத பெயர்

சென்ற கோடையில் ஒரு நாள் விடியற்காலையில் என் அத்தை டெலிபோனில் கூப்பிட்டாள். பொள்ளாச்சியிலிருந்து ஆனைமலை போகும் வழியில் அவளுக்கு ஒரு தென்னந்தோப்பு உண்டு. மாமா காலமான பிறகு தோப்பை அவளே பார்த்து வருகிறாள். நல்லது கெட்டது எதுவானாலும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் பேசுவாள். ஆகையால் அந்த நேரத்தில் அவள் குரலைக் கேட்டதும் எனக்குத் திக்கென்றது.

"கண்ணு, ஒரு தப்புப் பண்ணிப்போட்டேன்" என்றாள்.

விஷயம் இதுதான். கிணற்று மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. மாமா முப்பது வருஷத்துக்கு முன்னால் கோயமுத்தூர் கணபதியில் ஒரு சிறிய கம்பெனியில் வாங்கி வந்த மோட்டார் அது. உள்ளூர் எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டு, "காயில் நான் கட்டிக் கொடுத்துடறேனுங்க. உள்ளே இம்பெல்லர் தேஞ்சு போச்சு. அதைக் கம்பெனியிலேதான் வாங்கோணும்" என்று சொல்லியிருக்கிறான். மோட்டாரின் தகட்டில் கம்பெனியின் பெயர் இருந்தது. எண் இல்லை. காலேஜில் படிக்கும் பேரன் அந்தப் பெயரைக் கைபேசியில் போட்டுத் தேடியிருக்கிறான். பெயர் வந்தது, ஊர் வந்தது, கீழே ஒரு டெலிபோன் எண்ணும் வந்தது.

அந்த எண்ணில் பேசியவன் நல்ல தமிழில், மிகுந்த மரியாதையோடு பேசினானாம். நாளைக்கே மெக்கானிக் வருவார், பதிவுக் கட்டணம் பத்து ரூபாய் மட்டும் அனுப்புங்கள் என்று ஒரு செயலியைக் கைபேசியில் ஏற்றச் சொன்னானாம். கால் மணி நேரத்தில் அத்தையின் பாங்குக் கணக்கிலிருந்து இரண்டு தவணையாகப் பதினெட்டாயிரம் ரூபாய் போய்விட்டது.

"உடனே 1930-க்குக் கூப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்டேன். பண மோசடியைத் தெரிவிப்பதற்கென்று மத்திய அரசாங்கம் வைத்திருக்கும் எண் அது. திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். அது எங்காவது தங்கி நிற்கும்போதே சொன்னால்தான் பாங்குக்காரர்கள் அதைப் பிடித்து நிறுத்த முடியும். அத்தைக்கு அந்த எண் தெரியாது. ஓர் இரவு கழிந்துவிட்டது.

நான் சற்றுக் கோபமாகவே, "யாரு என்னன்னு பாக்காம எப்படி அத்தை நம்புனீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"கம்பெனி பேரு போட்டிருந்துது. ஊரு சரியாப் போட்டிருந்துது. கேட்டு போட்டோக்கூட இருந்துது. நம்பாம எப்படிக் கண்ணு?" என்றாள்.

அந்தக் கேள்விக்கு எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. ஒரு பெயரையும் ஓர் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருந்தால், இந்த எண் இந்தப் பெயருக்குரியதுதான் என்று நாம் ஏன் நம்புகிறோம்? அந்த நம்பிக்கையை நமக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

யோசித்துப் பார்த்தால், டெலிபோன் டைரக்டரிதான்.

என் வீட்டில் ஒரு பழைய கோயமுத்தூர் டைரக்டரி இருக்கிறது. 1990-களின் நடுவில் அச்சானது. வெகு காலம் அது தையல் மிஷின் முன்னால் குழந்தைகள் உட்காருவதற்கு உயரம் கொடுத்துக்கொண்டிருந்தது. நான்தான் அதை மீட்டு அலமாரியில் வைத்தேன். கதைகளில் வரும் ஆட்களுக்குப் பெயர் தேடுவதற்கு அதைவிட நல்ல புஸ்தகம் கிடையாது.

உலகத்தின் முதல் டெலிபோன் டைரக்டரி புஸ்தகமே அல்ல. அமெரிக்காவில் நியூ ஹேவன் என்ற ஊரில் 1878 பிப்ரவரியில் வெளியான ஒரே ஒரு தாள் அது. அதில் ஐம்பது சந்தாதாரர்கள் இருந்தார்கள். வீடுகள், வைத்தியர்கள், கடைகள் என்று தனித்தனியாகப் பிரித்திருந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதில் எண்களே இல்லை. எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்திருப்பவரிடம் பெயரைச் சொன்னால் போதும், அவர் இணைத்துவிடுவார். ஐம்பது பேரை அவருக்குத் தெரியாதா என்ன? நம் தேசத்தில் கல்கத்தாவில் 1882 ஜனவரியில் எக்ஸ்சேஞ்சு திறந்தபோதும் சந்தாதாரர்கள் நூறு பேர்கூட இல்லை. எண்ணிக்கை பெருகிய பிறகுதான் ஆளுக்கு ஓர் எண் வேண்டியிருந்தது. எண் வந்ததும், பெயரையும் எண்ணையும் சேர்த்துச் சொல்லும் புஸ்தகம் அவசியமாயிற்று.

அந்தப் புஸ்தகத்தை அச்சிட்டது யார் என்பதுதான் முக்கியம். டெலிபோன் கம்பியை இழுத்துக் கொண்டுவந்து, வீட்டுச் சுவரில் துளை போட்டுக் கருவியை மாட்டிவிட்டுப் போனது எந்த இலாகாவோ, அந்த இலாகாதான் டைரக்டரியையும் அச்சிட்டது. முதலில் தபால் தந்தி இலாகா, 1985-க்குப் பிறகு டெலிகம்யூனிகேஷன்ஸ் இலாகா, 2000 அக்டோபரிலிருந்து பி.எஸ்.என்.எல். ஆகவே டைரக்டரியில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு கம்பி இருந்தது, ஒரு விண்ணப்பம் இருந்தது, மாதம் தவறாமல் பில் கட்டுகிற ஓர் ஆசாமி இருந்தார். டைரக்டரியில் தப்பு உண்டு. எழுத்துப் பிழை உண்டு. அடுத்த பதிப்பு வருவதற்குள் எண் மாறிப்போவதும் உண்டு. ஆனால் கணபதியில் இருக்கும் ஒருவர் பெயருக்கு எதிரே எங்கோ இருக்கும் ஒருவன் தன் எண்ணை ராத்திரியோடு ராத்திரியாக எழுதிவிட்டுப் போக முடியாது. அந்தப் புஸ்தகத்தை மூன்று தலைமுறை நம்பியது. அந்த நம்பிக்கையைத்தான் அத்தை கைபேசிக்கும் கொண்டுபோயிருக்கிறாள்.

அத்தையோடு பேசி முடித்ததும் அலமாரியிலிருந்து டைரக்டரியை எடுத்தேன். பணம் போனது போகட்டும். தென்னைக்குத் தண்ணீர் வேண்டுமே!

பழைய டைரக்டரியில் ஒரு வியாபார ஸ்தாபனத்தைத் தேடுவது இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் புதிராக இருக்கும். அத்தையின் கம்பெனிப் பெயர் இரண்டு ஆங்கில எழுத்தில் தொடங்கி 'எஞ்சினியரிங் ஒர்க்ஸ்' என்று முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அகராதி வரிசையில் தேடினால் கிடைக்காது. தனித்தனி எழுத்தாக நிற்கும் இனிஷியல்களை ஒவ்வொன்றும் ஒரு சொல் என்று கணக்கிட்டு, அந்த எழுத்தின் தலைப்பிலேயே முதலில் அடுக்கிவிடுவது டைரக்டரிக்காரர்களின் வழக்கம். பி.எஸ்.ஜி. என்று தேட வேண்டுமானால் 'பி' தொடங்கும் இடத்திலேயே தேட வேண்டும்.

அங்கும் இந்தக் கம்பெனி இல்லை. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. டெலிபோன் கிடைக்க வருஷக்கணக்கில் காத்திருந்த காலத்தில் சிறிய பட்டறைக்காரர்கள் பலர் தங்கள் சொந்தப் பெயரிலேயே இணைப்பு வாங்கினார்கள். கம்பெனியின் பெயர் பலகையில் இருக்கும். டைரக்டரியிலோ முதலாளியின் பெயர்தான் இருக்கும். முதலாளியின் பெயர் அத்தைக்கு நினைவிருந்தது. ஆனால் அது கொங்கு நாட்டில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர். பழனிசாமி என்றே வைத்துக்கொள்வோமே!

ஆங்கிலத்தில் அச்சிட்ட டைரக்டரியில் பழனிசாமி ஒரே இடத்தில் இருக்க மாட்டார். 'சாமி' என்று எழுதுகிறவர் ஓரிடத்தில் இருப்பார். 'ஸ்வாமி' என்று எழுதுகிறவர் இன்னோரிடத்தில் இருப்பார். 'ச்சாமி' என்று அழுத்துகிறவர் வேறொரு பத்தியில் இருப்பார். ழகரத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் அதற்கு இஸட்டும் ஹெச்சும் போடுகிறவர் வேறு பக்கத்துக்கே போய்விடுவார். ஆகவே பெயரின் மேல் விரலை ஓட்டக் கூடாது. விலாசத்தின் மேல் ஓட்ட வேண்டும். நாலு விதமான பழனிசாமிகளையும் கடந்து, கணபதி என்று முடிகிற வரிகளை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டேன். மூன்று பேர் தேறினார்கள். அத்தை சொன்ன தெருவில் இருந்தவர் ஒருவர்தான்.

எண் கிடைத்தது. ஆனால் அதில் ஆறு இலக்கங்கள்தாம் இருந்தன. இன்றைக்கு அதை அப்படியே அழைத்தால் எங்கும் போய்ச் சேராது. அதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. ஊரின் எஸ்.டி.டி. எண்ணில் முதல் பூஜ்யத்தை நீக்கிவிட்டு, மிச்சத்தையும் டெலிபோன் எண்ணையும் சேர்த்து எண்ணினால் மொத்தம் பத்து இலக்கம் வர வேண்டும். கோயமுத்தூருக்கு 422, அதோடு ஏழு இலக்கம். பொள்ளாச்சிக்கு 4259, அதோடு ஆறு இலக்கம். சென்னைக்கு 44, அதோடு எட்டு இலக்கம். உங்கள் கையிலிருக்கும் பழைய எண்ணில் ஒரே ஓர் இலக்கம் குறைந்தால், அது பெரும்பாலும் 2003-க்கு முற்பட்டது. அந்தச் சமயத்தில் பழைய எண்களுக்கெல்லாம் முன்னால் 2 சேர்த்தார்கள். நாமும் 2 சேர்த்துக் கூப்பிடலாம். இரண்டு இலக்கம் குறைந்தால் அது இன்னும் பழையது. நடுவில் எக்ஸ்சேஞ்சுகள் மாறி, எண்ணே புதிதாகக் கொடுக்கப்பட்டிருக்கலாம். அதற்கு இந்த வித்தை பலிக்காது.

2 சேர்த்துக் கூப்பிட்டேன். அப்படி ஓர் எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்லிற்று. டெலிபோனைத் திருப்பிக் கொடுத்துவிட்டிருக்கிறார். முன்பெல்லாம் இந்த நிலையில் 197-ஐக் கூப்பிட்டு விசாரிப்போம். மாறிப்போன எண்ணைத் தேடிச் சொல்வார்கள். நான் வேறொரு வழியைப் பிடித்தேன். டைரக்டரியின் பின்பகுதியில் தொழில்வாரியாக மஞ்சள் தாளில் ஒரு பட்டியல் உண்டல்லவா? அதில் பம்பு, வார்ப்படம் ஆகிய தலைப்புகளைப் புரட்டி, அதே தெருவில் இருந்த வேறு பட்டறைகளைத் தேடினேன். வார்ப்புக்கு மர அச்சு செய்கிற பட்டறை ஒன்று அகப்பட்டது. 2 சேர்த்துக் கூப்பிட்டேன். மணி அடித்தது!

எடுத்தவர் அந்தப் பட்டறைக்காரரின் மகன். நான் விஷயத்தைச் சொன்னதும், "கம்பெனியை மூடி வருஷமாச்சுங்க. ஆளு நல்லாத்தான் இருக்காருங்க. அவரு நம்பரு யாருக்கும் கொடுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காருங்க. உங்க நம்பரைக் கொடுங்க, கேட்டுப் பாக்கறேன்" என்றார்.

எனக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்தது. எண்ணை வெளியிட விரும்பாதவர்கள் விஷயத்தில் பண்பு தெரிந்தவர் நடந்துகொள்ளும் முறை அதுதான். தேடி வந்தவரை விரட்டவும் கூடாது, தேடப்படுகிறவரைக் காட்டிக்கொடுக்கவும் கூடாது. செய்தியை மட்டும் உள்ளே அனுப்ப வேண்டும். கூப்பிடுவதா வேண்டாமா என்பதை உள்ளே இருப்பவர் தீர்மானித்துக்கொள்வார்.

சாயங்காலம் பெரியவரே கூப்பிட்டார். மோட்டாரின் தகட்டிலிருந்த வரிசை எண்ணைக் கேட்டார். சொன்னேன். "அச்சு இருக்குதுங்க. வாங்க தம்பி" என்றார்.

மறுநாள் போனேன். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் ஒரு லேத்தும், சுவரோரம் அடுக்கிய மர அச்சுகளுமாக இருந்தார். பைக்காராவிலிருந்து 1930-களில் மின்சாரம் வந்த பிறகு, கோயமுத்தூரில் பஞ்சாலைகளோடு கூட வளர்ந்தவை இந்த மோட்டார்ப் பட்டறைகள். அவற்றில் ஒன்றில் பையனாகச் சேர்ந்து தொழில் கற்றவர் அவர். பெரிய கம்பெனிகளோடு போட்டியிட முடியாமல் தம் கம்பெனியை மூடினாலும், தாம் செய்த பம்புகளுக்கு மட்டும் இன்னும் இம்பெல்லர் வார்த்துக் கொடுக்கிறார்.

"மஞ்சப் பக்கத்திலே கூடப் பணம் கட்டித் தடிச்ச எழுத்திலே போட்டவனுங்க நான்" என்றார். "அப்ப வந்த போனெல்லாம் வேலைக்கு வந்ததுங்க. பின்னாலே பாத்தீங்கன்னா, கடன் வேணுமா, வீட்டு மனை வேணுமான்னு நாள் முச்சூடும் மணி அடிக்குது. பத்துப் போனு எடுத்தா ஒண்ணுதான் பம்பு. சீன்னு போச்சு. லைனையே வேண்டாம்னு எழுதிக் கொடுத்துப்போட்டேன். இப்ப என்ர நம்பரு வேண்டியவங்களுக்கு மட்டுந்தானுங்க தெரியும்."

நான் கைபேசியை எடுத்துக் காட்டினேன். வரைபடத்தில் அவருடைய கம்பெனிப் பெயர், அவருடைய தெரு, அவர் வீட்டு இரும்புக் கேட்டின் படம், கீழே ஓர் எண். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

"பேரு என்ரது. கேட்டும் என்ரது. நம்பரு மட்டும் எவனுதோ!" என்றார்.

அந்தப் பட்டியலில் தம் பெயரை அவர் சேர்க்கவில்லை. பலகையைப் பார்த்துவிட்டுத் தெருவோடு போன யாரோ சேர்த்திருக்கலாம். இப்படி யார் வேண்டுமானாலும் ஒரு கடையைச் சேர்க்கலாம், விவரத்தைத் திருத்தலாம். அதற்காக அங்கேயே 'Suggest an edit' என்று ஓர் இடமும் இருக்கிறது. ஊரார் உதவியால் பட்டியல் சரியாக இருக்கும் என்பது அதன் உத்தேசம். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் எண் இல்லாமல் காலியாகக் கிடக்கும் ஒரு கம்பெனிப் பெயர் மோசக்காரனுக்குத் திறந்த வீடு மாதிரி. 2018-இல் மகாராஷ்டிரத்தில் பாங்க் ஆப் இந்தியாவின் கிளைகளுக்கே கூகிள் வரைபடத்தில் எண்ணை மாற்றிப் பணம் பறித்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. பாங்குக்கே அப்படியென்றால் பம்புப் பட்டறை எம்மாத்திரம்?

இந்த மோசடி புதிதென்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கான்ஸாஸ் நகரத்தில் ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்று ஒருவர் இருந்தார். பிணங்களை அடக்கம் செய்து கொடுப்பது அவர் தொழில். அவருடைய போட்டிக்காரரின் மனைவி எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்ததாகவும், ஸ்ட்ரோஜரைக் கேட்டு வந்த அழைப்புகளையெல்லாம் தன் கணவன் கடைக்கே இணைத்துவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியானாலும், நடுவில் மனிதர் யாரும் இல்லாமல் அழைப்பவரே நேராக இணைப்புப் பெறும் யந்திரத்தை அவர் கண்டுபிடித்ததும், 1891-இல் அதற்குப் பேட்டண்டு வாங்கியதும் சரித்திரம். அழைக்கிறவருக்கும் கடைக்காரருக்கும் நடுவில் கை வைக்க இடமிருந்தால், அங்கே ஒரு திருட்டுக் கை வந்துவிடும் என்பதை அவர் அறிந்திருந்தார். அன்று அந்த இடம் எக்ஸ்சேஞ்சுப் பலகையில் இருந்தது. இன்று பட்டியலில் இருக்கிறது.

டைரக்டரியில் பெயர் வேண்டாம் என்று சொல்லும் உரிமை அந்தக் காலத்திலும் இருந்தது. இங்கிலாந்தில் அப்படிச் சொன்னவர்கள் ஏராளம். அமெரிக்காவில் பெயரைப் போடாமல் இருப்பதற்கு டெலிபோன் கம்பெனிகள் மாதாமாதம் கட்டணமே வாங்கின. நம் ஊரிலும் எழுதிக் கேட்டுக்கொண்டால் சேர்க்காமல் விட்டார்கள். அப்படி விட்டால் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது. தேடினவன் பெயரைக் காணாமல் புஸ்தகத்தை மூடிவிட்டு, நாலு பேரை விசாரிக்கப் போனான். அதனால் அவனுக்கு நஷ்டம் கொஞ்சம் நேரந்தான்.

இன்றைக்கு நிலைமை வேறு. டைரக்டரி தன் பூரணத்தை இழந்து வெகு நாளாயிற்று. தனியார் கம்பெனிகளின் டெலிபோன்கள் அதில் இல்லை. கைபேசிகளும் அதில் இல்லை. பம்பாயில் 1996-இல் டெலிபோன் மூலமே கடை எண்களைச் சொல்லத் தொடங்கிய ஜஸ்ட் டயல் போன்ற தனியார் பட்டியல்களும், பின்னால் வந்த வரைபடங்களும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவை கம்பியை இழுத்தவர்களின் கணக்கேட்டிலிருந்து பிறந்தவை அல்ல. சேகரித்தவை. இப்படிப்பட்ட பட்டியலில் நாம் பேசாமல் இருந்தால் நம் இடம் வெறுமையாக இராது. வேறு யாராவது நம் பெயரில் பேசுவார்கள். பெரியவர் நிம்மதிக்காக விலகினார். அந்த விலகலுக்குப் பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்தவள் என் அத்தை. பெரியவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆனாலும் அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்து எனக்கே சங்கடமாகிவிட்டது.

இருவருமாக உட்கார்ந்து யோசித்தோம். முதலில் பொய் எண்ணைத் திருத்தச் சொல்லி நானே எழுதிப் போட்டேன். இரண்டு நாளில் எண் மறைந்தது. ஒரு வாரத்துக்குள் வேறொரு பொய் எண் வந்துவிட்டது. வழிப்போக்கனின் வார்த்தைக்கு வழிப்போக்கனின் வார்த்தை சரியாகப் போயிற்று. கடைக்குச் சொந்தக்காரர் என்று நிரூபித்தாலொழிய இது நிற்காது. அதற்கு 'Claim this business' என்ற வழி இருக்கிறது. பட்டியலில் உள்ள எண்ணுக்குச் சங்கேத எண் அனுப்பி நிரூபிக்கச் சொல்வதும் உண்டு. எங்கள் விஷயத்தில் அந்த எண்ணே திருடனுடையது! கடைசியில் வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். தெருவைக் காட்டி, பெயர்ப் பலகையைக் காட்டி, பூட்டைச் சாவியால் திறந்து உள்ளே லேத்தையும் காட்ட வேண்டும். பலகை கழற்றப்பட்டு மர அச்சுகளுக்குப் பின்னால் கிடந்தது. பெரியவர் அதைத் துடைத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினார். சில நாட்களில் ஒப்புக்கொண்டார்கள்.

இப்போது அவர் ஒரு தீர்மானத்துக்கு வர வேண்டியிருந்தது. 'நிரந்தரமாக மூடப்பட்டது' என்று குறித்துவிட்டால் யாரும் கூப்பிட மாட்டார்கள், மோசக்காரனுக்கும் வேலை இராது. அல்லது தம் எண்ணைப் போட வேண்டும். பட்டியலை விட்டு விலகிக்கொண்டாலும் வரைபடத்திலிருந்து கடையின் பெயர் போய்விடும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தாமாகவே ஊரறியப் போட்ட எண்ணுக்கு 2023-ஆம் வருஷத்துத் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டமும் காவல் நிற்பதில்லை. இதையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன்.

"மூடிப்போச்சுன்னு எப்படித் தம்பி போடறது? வார்த்துக்கிட்டுத்தானே இருக்கறேன்?" என்றார்.

கடைசியில் இப்படி முடிவாயிற்று. சொந்த எண் சொந்தமாகவே இருக்கட்டும். கம்பெனிக்கென்று தனியாக ஓர் எண் வாங்கி, பொத்தான் வைத்த பழைய கைபேசி ஒன்றில் போட்டுக் கொட்டகையில் வைத்தோம். காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை அது உயிரோடு இருக்கும். பட்டியலிலும் அந்த நேரத்தையே போட்டோம். 1909-க்குத் தெரிவித்து, வியாபார அழைப்புகள் வேண்டாம் என்று அந்த எண்ணைப் பதிவும் செய்தோம். அது ஒழுங்காகப் பதிவு பெற்றுக் கூப்பிடும் கம்பெனிகளைத்தான் தடுக்கும், மற்றவர்களைத் தடுக்காது. என்றாலும் தொல்லை பாதியாவது குறையும்.

ஊருக்குத் திரும்பும்போது அத்தையின் கேள்விக்கு எனக்கு ஒரு மாதிரி பதில் கிடைத்திருந்தது. ஒரு பெயருக்குப் பக்கத்தில் ஓர் எண்ணைப் பார்த்தால், இதை எழுதியவர் யார் என்று கேட்க வேண்டும். அதே எண்ணை மூன்று பட்டியல்களில் பார்த்துத் திருப்திப்படுவதில் பிரயோஜனமில்லை. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையாக இருக்கலாம். சாட்சி தனித்தனியாக வர வேண்டும். வாங்கிய பில், உத்தரவாதச் சீட்டு, மோட்டாரின் தகடு, கொடிசியா போன்ற தொழிற்சங்கங்களில் அங்கத்தினர் தாமே எழுதிக் கொடுத்த விவரம், பக்கத்துக் கடைக்காரரின் வாய்ச்சொல் — இவற்றில் ஒன்றாவது பட்டியலோடு ஒத்துப்போக வேண்டும். இத்தனைக்கும் மேலாக, எண்ணைக் கொடுத்தவன் வேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் பணத்தைப் பற்றிக் கேட்டால் டெலிபோனைக் கீழே வைத்துவிட வேண்டும். பெரியவர் முதலில் கேட்டது தகட்டின் வரிசை எண்ணைத்தான்.

அத்தையின் பணம் இதுவரை திரும்பி வரவில்லை. இம்பெல்லர் வந்தது. காயில் கட்டியாயிற்று. தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்துவிட்டு மோட்டார் ரூமுக்குள் போனேன். சுவரில் மாமாவின் கையெழுத்தில், பச்சை பெயிண்டில், ஏதோ ஓர் எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் மட்டும் தெரிந்தன. மீதிச் சுண்ணாம்பு உதிர்ந்துவிட்டிருந்தது. வாங்கி வந்த அன்றைக்கே எழுதி வைத்திருக்கிறார்.

அத்தை பேரனைக் கூப்பிட்டாள். "பெயிண்டு எடுத்துட்டு வா சாமி. பெருசா எழுது. பத்து மணியிலிருந்து பன்னண்டு வரைக்கும்னும் எழுது" என்றாள்.